தலைவர் விட்ட இடைவெளிகள்

உலகத்து மனிதர்கள் இரண்டே வகை என்பதை முதன்முதலில் கண்டறிந்தவன் கத்தரிதான். திரையில் தெரிகிறவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறவர்கள் முதல் வகை. சொல்லாதவர்கள் இரண்டாம் வகை. ஏழு வருடத்தில் முந்நூறு விழாக்களைப் பார்த்தாகிவிட்டது. இரண்டாம் வகையில் தேறியவர் உலகம் முழுக்க ஒரே ஒருவர். அது யார் என்று அடக்கம் கருதி அவன் சொல்வதில்லை, யாராவது கேட்கும்வரை.

வர முடியாத பெரிய மனிதர்களைத் திரையில் வரவழைப்பதுதான் அவன் பிழைப்பு. அவர்கள் அலுவலகத்துக்கே போய் வரவேற்புரையைப் பதிவு செய்வான், இருமலையும் இழுவையையும் வெட்டி எறிவான், விழாவன்று ஓட்டுவான். வெட்டுவதில் அவனுக்கிருந்த வேகத்தைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர்தான் கத்தரி. மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் அவன், படத்துக்கு. பின்னறையில் அவனுடைய அக்கா, ஒலிக்கு.

முதல் வகையினரைப் பற்றி அவனிடம் ஏராளமான கதைகள் இருந்தன. ஒரு பள்ளி விழாவில், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பதிவில் நிர்வாகி "எல்லாரும் சௌக்கியமா?" என்றதும் முன்வரிசை மொத்தமும் ஒரே குரலில் சௌக்கியம் என்றதாம். இன்னொரு இடத்தில் திரையில் இருந்தவர் இருமினார். ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டார். பாதியில் நின்றபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதைக் கத்தரி நடித்தே காட்டுவான். அக்கா சிரிக்கமாட்டாள். ஏழு வருடமாக ஒரே முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும் என்று கேட்பாள்.

மின்தூக்கிப் பொறியாளர் சங்கத்தின் தலைவர் பேசும் வரவேற்புரையைப் பதிய வேண்டும் என்று அதன் செயலாளர் வந்து நின்றபோது, கத்தரிக்கு அது இன்னொரு நாலு நிமிடச் சமாச்சாரமாகத்தான் பட்டது. லிஃப்ட் போடுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், சோதனை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்த சங்கம். வருடத்துக்கு ஒருமுறை ஒருநாள் கருத்தரங்கு. பத்தொன்பது வருடமாகத் தலைவர்தான் மேடையேறி வரவேற்று, நிகழ்ச்சி நிரலைச் சொல்லி, பேச்சாளர்களை அறிமுகம் செய்துவந்தார். இந்த வருடம் அதே நாளில் அவருக்கு அறுவை சிகிச்சை. தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுக்கிறார்கள்.

"அப்புறம் பேச வராதா?" என்று கேட்டது அக்கா.

செயலாளர் கையிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டே, ஏதோ கருவி வைத்துப் பழகிக்கொள்வார்களாம் என்றார். ஆனால் இந்தக் குரல் இருக்காது. மண்டபத் தேதியை மாற்ற முடியாது, டாக்டர் தேதியையும் மாற்ற முடியாது. அதனால்தான் பதிவு. உரையைத் தானே எழுதிவிட்டதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். அதில் "மாபெரும்" என்ற சொல் பதினான்கு இடத்தில் இருந்தது. கத்தரி எண்ணினான்.

பதிவு நடந்தது சங்கத்தின் கூட்ட அறையில், விழாவுக்கு ஐந்து நாள் முன்னால். அக்கா போனதும் முதல் வேலையாக ஏசியை நிறுத்தினாள், தண்ணீர் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள், நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். இரைகிற எல்லாம் அடங்கியதும் அறை சட்டென்று பெரிதானது போல் இருந்தது. தலைவர் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மூடியிருந்தது. அதில் அக்கா கேமராவோடு இணைந்த மைக்கைக் குத்தினாள். அவர் குரல் மணல்தாளில் கையைத் தேய்ப்பது போல் இருந்தது.

கத்தரி தன் வழக்கமான பாடத்தை நடத்தினான். லென்ஸையே பார்க்க வேண்டும், அவனைப் பார்க்கக் கூடாது. காலை வணக்கம் என்று சொல்லக் கூடாது, கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குமோ யார் கண்டது. சாப்பாடு தயார் என்று சொல்லக் கூடாது. மண்டபத்தில் நடப்பதைப் பார்ப்பது போல் எதையும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் இரண்டு விதமாகப் பதிந்துகொள்வோம்: வந்திருக்கிறார் என்று ஒன்று, கடைசி நேரத்தில் வர முடியாமல் போனதென்று ஒன்று.

"எல்லாரும் வருவாங்க," என்றார் தலைவர். "ரெண்டு விதமா சொல்ல என்கிட்ட குரல் இல்ல தம்பி. ஒரு தடவைதான்."

லென்ஸுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. வாசிக்க வேண்டிய வரிகள் கீழேயிருந்து அதில் பிரதிபலித்து மேலே நகரும். வாசிக்கிறவர் நேராகப் பார்ப்பது போலவே இருக்கும். தலைவர் அதைக் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்து ஆராய்ந்தார். இயந்திரம் எதுவானாலும் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது போலிருந்தது.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி யாரு?"

"யாரும் இல்ல சார். லென்ஸ்தான்."

"அப்ப நான் யார்கிட்ட பேசறேன்?"

"அன்னைக்கு வர்ற நூத்தம்பது பேர்கிட்ட."

"அவங்க இன்னும் வரலையே," என்றார் அவர். கிண்டலா, நிஜமான சந்தேகமா என்று கத்தரிக்குப் பிடிபடவில்லை. பிறகு, கொஞ்சம் தணிந்து, "எனக்கு ஒண்ணே ஒண்ணு தம்பி. என்னை போட்டோ மாதிரி மாட்டி வெச்சிடாதீங்க. கடைசியா பேசறேன். பேசினா பேசின மாதிரி இருக்கணும். அவ்வளவுதான் வேணும்" என்றார்.

கத்தரி, எல்லாரிடமும் சொல்வதைப் போல, அதை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றான்.

கேமராவை ஓடவிட்டு, தொடக்கத்துக்கு அடையாளமாக லென்ஸுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டிவிட்டு விலகினான். தலைவர் பேசத் தொடங்கினார். செயலாளரின் பதினான்கு மாபெரும்களையும் வரிசையாகத் தாண்டிப் போனார், குழி தாண்டுகிற மாதிரி. வரவேற்றார். காலையில் மூன்று உரைகள், தேநீர் இடைவேளைக்குப் பிறகு கலந்துரையாடல், மதியம் புது இயந்திரங்களின் செயல்விளக்கம், கடைசியில் நன்றியுரை என்று நிரலைச் சொன்னார். பிறகு பேச்சாளர்கள். முதலாமவர், லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தின் சோதனையில் நாற்பது வருட அனுபவம் உள்ள ஆய்வாளர். இரண்டாமவர், லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் மனநிலை பற்றி ஆராய்ந்த பேராசிரியை. மூன்றாமவர் பழைய கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்தும் இளம் பொறியாளர்.

முதலாமவரின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். வரி மறந்துவிட்டதென்று நினைத்துக் கத்தரி தகட்டைச் சுட்டிக்காட்டினான். அவர் அசையவில்லை. லென்ஸைப் பார்த்துக்கொண்டு, உதட்டோரம் லேசான புன்னகையோடு, யாரோ நடந்து வருவதைப் பார்ப்பவர் போல் இருந்தார். கண்கள் மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தன. பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்குப் போனார். இரண்டாமவருக்குப் பின் இன்னும் நீண்ட நிறுத்தம். அதன் நடுவில் ஆபீஸ் உதவியாளர் அம்மா வெந்நீரோடு உள்ளே வந்து, படப்பிடிப்பைப் பார்த்துத் திகைத்து நிற்க, அவர் முகத்தைத் திருப்பாமலே "உட்காருங்கம்மா, பரவால்ல" என்றார். கத்தரி மனசுக்குள் அங்கே ஒரு வெட்டுப் போட்டான்.

நன்றி சொல்லி முடித்ததும் தலைவர் ஒரு விரலை உயர்த்தினார். தண்ணீர் வேண்டுமாம். குடித்தார். அப்புறம், முப்பது விநாடி எல்லாரும் அசையாமல் இருக்க வேண்டும் என்றாள் அக்கா. அது அவர்கள் தொழிலில் எப்போதும் செய்வது: அறையின் வெறும் மௌனத்தைத் தனியாகப் பதிந்துகொள்வார்கள். வெட்டிய இடங்களில் அதை வைத்து ஒட்டினால்தான் ஒட்டு தெரியாது.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் சார். சும்மா இருங்க, போதும்."

அவர் சும்மா இருந்தார். முப்பது ஆனதும் அக்கா கட்டைவிரலைக் காட்டினாள். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ள, கத்தரி ஏசியின் மெயின் சுவிட்சைத் தேடி வராந்தாவுக்கு ஓடினான். அக்கா கடிகார பேட்டரியைப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வண்டிக்குப் போனாள். அவன் திரும்பி வந்தபோது தலைவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிறுத்த மறந்திருக்கிறான். நல்லவேளை அக்கா பார்க்கவில்லை.

வண்டிவரை தலைவர் கூடவே வந்தார். விழாவுக்கு அவர் மனைவி வருவார்களா, முன்வரிசையில் இடம் போடச் சொல்லட்டுமா என்று அக்கா விசாரித்தாள். வரமாட்டாள் என்றார். டீச்சராக இருந்தவள், சொன்னால் சொன்னதுதான். ஆபரேஷன் முடிகிறவரை ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மலையைக்கூட நகர்த்தலாம், அவளை நகர்த்த முடியாது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒலி வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது.

அன்று மாலையே கத்தரி உட்கார்ந்து வெட்டினான். நிறுத்தங்கள் எல்லாம் போயின. இழுப்புகள், எச்சில் விழுங்கல்கள், உட்காருங்கம்மா, எல்லாம் போயின. ஒன்பது நிமிடம் மூன்று ஐம்பதுக்கு இறங்கியது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் முழுதாகப் பார்த்தாள். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள்.

"என்ன?"

"மூச்சே விடாம பேசறாரு."

"அதான் எடிட்டிங்."

"உயிரோட இருக்கிறவங்க நடுவுல மூச்சு விடுவாங்கடா."

போய் உன் வேலையைப் பார் என்றான். அவள் போனாள். ஆனால் ஒன்று மட்டும் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒட்டுப் போட அந்த முப்பது விநாடி மௌனத்தை எடுத்தபோது, பத்தொன்பதாவது விநாடியில் தலைவர் தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது. யாரோ உள்ளே வந்தால் நாம் செய்வது போல், கண்ணால் வா என்று சொல்லித் தலையசைத்தார். மறுபடியும் லென்ஸுக்குத் திரும்பினார். கத்தரி அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்னறைக்கு எழுந்து போனான்.

"பதியும்போது நீ எந்தப் பக்கம் நின்னே?"

"இடது பக்கம்."

"வலது பக்கம் யாரு?"

"சுவரு," என்றாள் அக்கா. "ஒரு காலண்டர் இருந்தது."

காலண்டரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார் என்று கத்தரி முடிவு செய்தான். காலண்டர் மாட்டியவர்களுக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்.

விழாவன்று காலை எட்டரைக்கே மண்டபத்தில் ஒத்திகை. நாற்காலிகள் இன்னும் பாதிதான் போட்டிருந்தார்கள். பின்சுவரை ஒட்டிய மேசையில் கத்தரியின் லேப்டாப், பக்கத்தில் அக்காவின் ஒலிப்பலகை. அங்கேதான் அந்தச் சங்கத்தின் வழக்கம் ஒன்று அவனுக்குத் தெரியவந்தது. தலைவர் பெயரைச் சொல்லும்போது அந்தப் பேச்சாளர் முன்வரிசையிலிருந்து எழுந்து, அவையைப் பார்த்து வணங்கி, படியேறி, மேடையில் தன் நாற்காலியில் போய் உட்காருவார். அவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பெயர். பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

ஓட்டினார்கள். முதலாமவர் முட்டி வலிக்காரர். கைப்பிடியை ஊன்றி அவர் எழுந்து நிமிர்வதற்குள் திரையில் தலைவர் இரண்டாமவரை அறிமுகம் செய்துவிட்டார். பேராசிரியை எழுந்து, முன்னால் போகிறவரைத் தாண்டுவதா வேண்டாமா என்று தயங்க, அதற்குள் மூன்றாமவர் பெயரும் வந்துவிட்டது. முதல் படியில் மூன்று பேரும் நெருக்கியடித்து நிற்க, தலைவர் அவர்கள் தலைக்கு மேலே யாரையும் பாராமல் நன்றி சொல்லி அணைந்தார்.

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முட்டி வலிக்காரர் மட்டும் படிக்கட்டில் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அவரே இல்லையே," என்றார், யாரிடமும் சொல்லாமல். "அவரு காத்திருப்பாரு. லிஃப்ட் கதவு எத்தனை விநாடி திறந்திருக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். மேடையேற எனக்குப் பதினொண்ணு வேணும்."

கத்தரி மேசைக்குப் போய், அசல் பதிவை அளந்து பார்த்தான். முதல் நிறுத்தம் பதினொன்று. மற்றதை அளக்கவில்லை. நிறுத்தங்களைத் திரும்பச் சேர்த்துப் புதுக் கோப்பாக்கத் தொடங்கினான். லேப்டாப் அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது. மின்விசிறி மாதிரி இரைந்ததே தவிர நகரவில்லை. பத்து மணி ஆனது. மண்டபம் நிறைந்தது. அதற்குள் புரொஜெக்டரும் தன் பங்குக்கு நீல வெளிச்சத்தைக் காட்டி முரண்டு பிடிக்க, அதைச் சரிசெய்ய இன்னொரு பதினாலு நிமிடம். செயலாளர் மூன்று தடவை வந்து போனார். நாலாவது தடவை வந்தபோது அவர் பேசவில்லை, பார்த்தார்.

"வெட்டாததையே ஓட்டு," என்றாள் அக்கா. "கைதட்டினதுக்கு அப்புறத்திலிருந்து. நன்றி சொன்னதும் சங்கத்தோட சின்னத்தைப் போட்டு மூடிடு."

உட்காருங்கம்மா வரும் என்றான். வரட்டும் என்றாள்.

விளக்குகள் மங்கின. தலைவர் திரையில் வந்தார். அக்கா ஒலியை ஏற்றினாள். மணல்தாள் குரல் மண்டபம் முழுக்கப் பரவியதும், நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றது. அந்நேரம் அவர் மயக்க மருந்தில் படுத்திருப்பார். எட்டரைக்கே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று செயலாளருக்குத் தகவல் வந்திருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை.

முதலாமவர் பெயர். தலைவர் நிறுத்தினார். முட்டி வலிக்காரர் ஊன்றி எழுந்தார், வணங்கினார், நடந்தார். திரையில் இருந்த கண்கள் அவரோடு கூடவே இடமிருந்து வலமாக நகர்ந்தன. படியில் அவர் ஒருகணம் நின்றபோது கண்களும் நின்றன. அவர் உட்கார்ந்ததும் தலைவர் தலையை ஆட்டினார்.

பழக்கம், என்று கத்தரி தனக்குச் சொல்லிக்கொண்டான். பத்தொன்பது வருடம். யாருக்கு எத்தனை விநாடி என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார். கணக்குத் தெரிந்த மனிதர்.

இரண்டாமவர் பெயர். பேராசிரியை முதல்முறை வருகிறார். அவருக்குக் கணக்கு வைத்திருக்க வழியில்லை. மேடையேறியவர் எந்த நாற்காலி என்று தெரியாமல், நடு நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி நின்றுவிட்டார். அது தலைவருக்கு என்று காலியாக விட்டிருந்தது. செயலாளர் கீழேயிருந்து கை காட்டியதை அவர் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா, பரவால்ல," என்றார் தலைவர்.

பேராசிரியை உட்கார்ந்தார். மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் என்னவோ போல் அடங்கியது. செயலாளர் வேகமாகப் பின்னால் வந்து, மேசையில் கையூன்றி, இது நேரலையா என்று கேட்டார். கத்தரி இல்லை என்றான். ஆஸ்பத்திரியிலிருந்தா என்றார். இல்லை சார், ஐந்து நாள் முன்னால் எடுத்தது, நீங்களும் அடுத்த அறையில் இருந்தீர்கள் என்றான். அவர் அவனை நம்பாதவர் போல் பார்த்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார்.

மூன்றாமவர் இளைஞர், இரண்டே எட்டில் மேடைக்குப் போய்விட்டார். அவருக்குத் தலைவர் மூன்று விநாடிதான் விட்டிருந்தார்.

நன்றி. இதோ முடிந்தது. சின்னத்தைப் போட்டு மூடுகிற விசையில் கத்தரி விரலை வைத்தான். திரையில் தலைவர் ஒரு விரலை உயர்த்தினார்.

தண்ணீருக்கு. கத்தரிக்குத் தெரியும். தண்ணீருக்குத்தான் உயர்த்தினார், அவன்தான் டம்ளரை நீட்டினான். இதோ ஓரத்தில் அவன் முழங்கைகூடத் தெரிகிறது. ஆனாலும் அவன் விரல் விசைமேல் அப்படியே நின்றது. அழுத்தவில்லை. பக்கத்தில் அக்காவின் கையும் ஒலிப்பலகையில் நின்றிருந்தது. நூற்றைம்பது பேரும் பொறு என்று சொல்லப்பட்டவர்கள் போல் பொறுத்திருந்தார்கள்.

அவர் குடித்தார். டம்ளரை வைத்தார். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார், அக்காவின் பதில் மங்கலாகக் கேட்டது. பிறகு சும்மா இருந்தார்.

அறையின் மௌனம் என்பதை ஏழு வருடமாகக் கத்தரி பதிந்திருக்கிறான். துண்டு துண்டாக நறுக்கி ஒட்டியிருக்கிறான். முழுசாக ஒருநாளும் கேட்டதில்லை. அது காலியாக இல்லை. மிக மெல்ல ஒரு மூச்சு, உள்ளே போகும்போது லேசாகச் சீழ்க்கையிட்டு, வெளியே வரும்போது எதன்மேலோ உரசி. அந்த மூச்சு ஒலிபெருக்கிகள் வழியாக மண்டபத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது பேரும் அதோடு சேர்ந்து மூச்சுவிடுவது போல் இருந்தது. அவன் கீழே எண்களைப் பார்த்தான். பதினைந்து. பதினாறு.

வலப்பக்கக் கதவு திறந்தது. வராந்தாவின் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்தது. கையில் ஆஸ்பத்திரிக் கோப்பும் தோளில் பையுமாக ஓர் அம்மாள் நின்றார். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. முன்வரிசையில் யாரோ டீச்சர் என்று முணுமுணுத்தார்கள்.

தலைவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வா என்று தலையசைத்தார்.

அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டேன், வந்துட்டேன்," என்று சலிப்பாக, வீட்டில் சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஓரத்து நாற்காலியில் கோப்பை மடியில் வைத்து உட்கார்ந்தார். தலைவர் திருப்தியோடு நேராகத் திரும்பினார். முப்பது ஆனது.

கத்தரி விசையை அழுத்தினான். மண்டபத் திரையில் சங்கத்தின் சின்னம் வந்தது. பிறகு எல்லாரும் ஒரேயடியாகத் தட்டினார்கள். முட்டி வலிக்காரர் மைக்குக்கு வந்து, தொண்டையைக் கனைத்து, கம்பிவடத்தில் முதலில் அறுவது எந்த இழை என்று ஆரம்பித்தார். அக்கா தலைவரின் ஒலியை இறக்கிவிட்டு மேடை மைக்கை ஏற்றினாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஜாடையால் டீச்சரைக் காட்டி, கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். ஓர நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்வதும், டீச்சர் குனிந்து ஏதோ சொல்வதும் தெரிந்தது. ஆபரேஷன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, என் தம்பியை அங்கே உட்காரவைத்துவிட்டு வந்தேன், ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து நடந்துவிட்டேன். பிற்பாடு அக்கா அவனிடம் சொன்னது இவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் லேப்டாப்பைக் கவனித்தான். மண்டபத் திரையைத்தான் மூடியிருந்தானே தவிர, பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையகலச் சாளரத்தில் தலைவர். அவன் நிறுத்த மறந்துபோன கேமரா. அந்த மிச்சத்தை அவன் பார்த்ததே இல்லை. வெட்டி எறியப் போவதை யார் பார்ப்பார்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவனுடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் ஓடித் தேய்ந்தது. அக்கா பெட்டியை இழுக்கும் சத்தம். கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு அந்த மூச்சு மட்டும்.

தலைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வரிகள் தீர்ந்த கண்ணாடித் தகட்டைப் பார்த்தார். முன்னால் சாய்ந்து, அதற்குள் எட்டிப் பார்த்தார். முகம் சாளரத்தை நிறைத்தது. ஒரு கண், அப்புறம் இன்னொன்று. எச்சில் விழுங்கினார், அது வலித்தது என்று தெரிந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். ஐந்து நாளைக்கு முன்னால், காலி அறையில், யாரும் கேட்காமல். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அன்றைய கத்தரி வராந்தாவிலிருந்து திரும்பி வந்து ஏதாவது சொல்வான் என்று இன்றைய கத்தரி காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. எண்கள் ஓடின. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தான். இல்லை, அவர் இமைத்தார். இருபது. அவர் கண் நகரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைப் போல, அவசரமில்லாமல், நம்பிக்கையோடு, அவர் காத்திருந்தார். இருபத்தெட்டு. இவ்வளவு நேரமா வராந்தாவில் இருந்தோம் என்று யோசித்தான். சுவிட்ச் பக்கத்திலேயே இருந்ததாகத்தான் ஞாபகம்.

நிறுத்திவிடலாம். ஒரு விசை. மூடியை இறக்கினாலும் போதும்.

கத்தரி சுற்றிலும் பார்த்தான். அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். செயலாளர் மேடையோரம். நூற்றைம்பது தலைகளும் முன்னால் திரும்பியிருந்தன. பின்சுவரை ஒட்டி அவனைத் தவிர யாரும் இல்லை. அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, கையால் வாயை மறைத்து, சாளரத்துக்கு நெருக்கமாகக் குனிந்தான்.

"இருக்கேன் சார்," என்றான்.

தலைவர் தலையை ஆட்டினார். தோள்கள் இறங்கின. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், நீளமாகப் பேசப்போகிறவரைப் போல.

கத்தரி ஒலியை ஏற்றினான்.

"பேசுங்க சார்," என்றான்.